அசலும் குறியீட்டெண்ணும்: பணவீக்கம் சார்ந்த கடன் பத்திரங்களில் உண்மை வட்டி கணக்கிடப்படும் முறை

ஆய்வுச் சுருக்கம்

விலைக் குறியீட்டெண்ணுக்கேற்ப அசல் திருத்தப்பட்டு, திருத்திய அசலின்மீது நிலையான உண்மை வட்டி வழங்கப்படும் கடன் பத்திரங்களின் கணக்கீட்டு முறையை இக்கட்டுரை விளக்குகிறது. அமெரிக்கக் கருவூலத் துறை 1997ஆம் ஆண்டு வெளியிட்ட முதல் பத்திரம் தொடக்கம் முதல் முதிர்வு வரை கணக்கிட்டுக் காட்டப்படுகிறது. 2008-09ஆம் ஆண்டுகளின் விலைவீழ்ச்சியில் இத்தகைய பத்திரங்கள் நடந்துகொண்ட முறையும், இந்தியாவில் 2013ஆம் ஆண்டு வெளியான பத்திரத்தில் மொத்த விலைக் குறியீட்டெண் தேர்ந்தெடுக்கப்பட்டதன் விளைவும் ஆராயப்படுகின்றன. இப்பத்திரம் காப்பது ஒரு குறிப்பிட்ட குறியீட்டெண்ணின் ஏற்றத்திற்கு எதிராகவே. முதலீட்டாளரின் வாழ்க்கைச் செலவு உயர்வுக்கு எதிராக அன்று என்பது கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: பணவீக்கம், கடன் பத்திரம், அசல், உண்மை வட்டி, குறியீட்டு விகிதம், நுகர்வோர் விலைக் குறியீட்டெண், மொத்த விலைக் குறியீட்டெண்.

முன்னுரை

வழக்கமான அரசுக் கடன் பத்திரத்தை வாங்குபவருக்குப் பத்தாண்டுகளுக்குப் பின் எத்தனை ரூபாய் கிடைக்கும் என்பது வாங்கும் நாளிலேயே தெரியும். அந்த ரூபாயைக் கொண்டு எவ்வளவு பொருள் வாங்க முடியும் என்பது மட்டும் தெரியாது. பணவீக்கம் சார்ந்த கடன் பத்திரம் இந்நிலையைத் தலைகீழாக மாற்றுகிறது. கிடைக்கப்போகும் பணத்தின் அளவு முன்கூட்டித் தெரியாது. ஆனால் அப்பணத்தின் வாங்கும் திறன், ஒரு குறியீட்டெண்ணைக் கொண்டு அளக்கப்படும் வரையில், முன்கூட்டியே உறுதி செய்யப்படுகிறது.

இவ்வெண்ணம் புதியதன்று. அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1780ஆம் ஆண்டு, மாசசூசெட்ஸ் அரசு தன் படைவீரர்களுக்கு வழங்கிய கடன் சீட்டுகளின் மதிப்பு சோளம், மாட்டிறைச்சி, ஆட்டு ரோமம், தோல் ஆகிய நான்கு பொருள்களின் விலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. பிரிட்டன் 1981ஆம் ஆண்டிலும் கனடா 1991ஆம் ஆண்டிலும் இவ்வகைப் பத்திரங்களை வெளியிட்டன. கனடாவின் அமைப்பைப் பெரிதும் பின்பற்றியே அமெரிக்கக் கருவூலத் துறை 1997ஆம் ஆண்டு தன் முதல் பத்திரத்தை ஏலத்தில் விட்டது. அப்பத்திரம் முதிர்ந்து முடிந்துவிட்டதாலும் அதற்குரிய எண்கள் அனைத்தும் பொதுவில் கிடைப்பதாலும், கணக்கீட்டைப் புரிந்துகொள்ள அதுவே ஏற்ற சான்றாகும்.

1997ஆம் ஆண்டுப் பத்திரம்

ஏலம் 1997 ஜனவரி 29 அன்று நடந்தது. பத்திரத்தின் காலக் கணக்கு ஜனவரி 15இலிருந்து தொடங்கியது; முதிர்வு நாள் 2007 ஜனவரி 15. ஏலத்தில் தீர்மானிக்கப்பட்டது விலையேற்றத்தை நீக்கிய உண்மை ஈட்டம் ஆகும். அது 3.449 விழுக்காடாக அமைந்தது. வட்டி வீதம் எட்டில் ஒரு பங்கின் மடங்குகளில் அமைய வேண்டும் என்பதால், அந்த ஈட்டத்தை மிஞ்சாத மிக உயர்ந்த மடங்காகிய 3.375 விழுக்காடு பத்திரத்தின் வட்டி வீதம் ஆயிற்று. இவ்வீதம் பத்தாண்டுகளும் மாறவில்லை. மாறியது வட்டி கணக்கிடப்படும் அசல் மட்டுமே.

அசல் மாறுவதற்கு அடிப்படை, பருவகாலத் திருத்தம் செய்யப்படாத நகர்ப்புற நுகர்வோர் விலைக் குறியீட்டெண். பருவகாலத் திருத்தம் செய்யப்பட்ட எண்ணைப் பொருளியல் ஆய்வாளர்கள் விரும்பினாலும் அது பின்னர் மறுபடியும் திருத்தப்படக்கூடியது. ஒருமுறை வட்டி வழங்கிய பின், அதற்கு அடிப்படையான எண் மாறிவிட்டதெனக் கூறி வழங்கிய பணத்தைத் திரும்பக் கேட்க இயலாது. ஆகவே திருத்தப்படாத எண்ணே ஒப்பந்தத்திற்கு உகந்தது.

குறியீட்டெண் மாதத்திற்கு ஒன்றாக வெளியாகிறது. பத்திரமோ எந்த நாளிலும் கைமாறலாம். எனவே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குறியீட்டெண் தேவைப்படுகிறது. இதற்கான விதி எளிமையானது. ஒரு மாதத்தின் முதல் நாளுக்குரிய குறியீட்டெண், மூன்று மாதங்களுக்கு முந்தைய மாதத்தின் குறியீட்டெண் ஆகும். இடைப்பட்ட நாள்களுக்கு நேர்கோட்டு இடைச்செருகல் முறையில் எண் கணக்கிடப்படும். இவ்விதிப்படி 1997 ஜனவரி 1க்குரிய எண், 1996 அக்டோபரின் 158.3. பிப்ரவரி 1க்குரிய எண், நவம்பரின் 158.6. ஜனவரி மாதத்தில் 31 நாள்கள் உள்ளன. 15ஆம் நாளுக்கு முன் 14 நாள்கள் கழிந்துள்ளன. ஆகவே,

158.3 + (14 ÷ 31) × (158.6 − 158.3) = 158.43548

இதுவே அப்பத்திரத்தின் அடிப்படைக் குறியீட்டெண். இனி வரும் எந்த நாளுக்கும் அந்நாளின் குறியீட்டெண்ணை இந்த 158.43548ஆல் வகுத்தால் குறியீட்டு விகிதம் கிடைக்கும். அவ்விகிதத்தை முகமதிப்பால் பெருக்கினால் திருத்திய அசல் கிடைக்கும். விகிதம் ஆறு தசம இடங்களோடு வெட்டப்பட்டுப் பின்னர் ஐந்து இடங்களுக்கு முழுமையாக்கப்படும். பெருந்தொகைகளில் இச்சிறு விதியும் பொருட்படுத்தத்தக்கதே.

முதல் வட்டி நாள் 1997 ஜூலை 15. அந்நாளுக்கு ஏப்ரல், மே மாதங்களின் எண்கள் வேண்டும். ஏப்ரல் எண் 160.2, மே எண் 160.1. மே மாதத்தில் எண் சற்றே குறைந்திருப்பதைக் காணலாம். இடைச்செருகலுக்குப் பின் கிடைப்பது 160.15484, குறியீட்டு விகிதம் 1.01085. 1,000 டாலர் முகமதிப்புக்குத் திருத்திய அசல் 1,010.85 டாலர். அரையாண்டு வட்டி, ஆண்டு வீதத்தில் பாதியாகிய 1.6875 விழுக்காடு. எனவே,

1,010.85 × 0.016875 = 17.06 டாலர்

விலைத் திருத்தம் இல்லாவிடில் இது 16.88 டாலராக இருந்திருக்கும். 18 சென்ட் வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அசலில் ஏறிய 10.85 டாலர் கையில் தரப்படவில்லை. அது பத்திரத்திலேயே தங்கி, பிற்கால வட்டிகள் அனைத்தையும் உயர்த்திக்கொண்டே செல்கிறது. இவ்வமைப்பின் உயிர்நாடி இங்கேதான் உள்ளது. பணவீக்கத்திற்கான ஈட்டில் பெரும்பகுதி முதிர்வில்தான் கைக்கு வருகிறது. வட்டியோடு வருவது ஒரு சிறு கீற்று மட்டுமே.

முதிர்வு நாளுக்கு 2006 அக்டோபர், நவம்பர் எண்கள் பயன்பட்டன. அவை முறையே 201.8, 201.5. நாளுக்குரிய எண் 201.66452, விகிதம் 1.27285. முதிர்வில் ஒவ்வோர் ஆயிரம் டாலருக்கும் 1,272.85 டாலர் அசலும், இறுதி அரையாண்டு வட்டியாக 21.48 டாலரும் வழங்கப்பட்டன.

உண்மை வட்டி என்பதன் பொருள்

17.06 டாலரும் 21.48 டாலரும் வெவ்வேறு தொகைகள். எனினும் அவை ஒரே வட்டி. ஒவ்வொன்றையும் அந்தந்த நாளின் குறியீட்டு விகிதத்தால் வகுத்தால் இரண்டும் 16.875 டாலராகச் சுருங்கும். 1,272.85 டாலரை 1.27285ஆல் வகுத்தால் 1,000 டாலரே கிடைக்கும். அதாவது, தொடக்க நாளின் விலைமட்டத்தில் அளந்தால் பத்திரதாரர் பெற்றது மாறாத வட்டியும் மாறாத அசலுமே. உண்மை வட்டி என்னும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

கணக்கீடு சரியா என்று சோதிக்கவும் இவ்வகுத்தலே போதும். மாணவர் ஆய்வேடுகளில் இருவகைப் பிழைகள் நேரக்கூடும். முதலாவது, வட்டிக்காலத்தின் தொடக்க நாள் விகிதத்தைக் கொண்டு வட்டியைக் கணக்கிடுவது. வட்டி வழங்கும் நாளின் விகிதமே பயன்பட வேண்டும். இரண்டாவது, ஆண்டுப் பணவீக்க வீதத்தை வட்டி வீதத்தோடு கூட்டி முகமதிப்பின்மீது முழுவதையும் வழங்கிவிடுவது. பின்னதைச் செய்தால் அசல் உயராது; முதலீட்டாளர் ஒவ்வொரு முறையும் தன் அசலில் ஒரு பகுதியையே வட்டி என்ற பெயரில் பெறுவார். இரண்டு பிழைகளிலும், தொகைகளை விகிதத்தால் வகுத்துப் பார்த்தால் ஒரே எண் வராது.

பண வட்டிக்கும் உண்மை வட்டிக்கும் இடையிலான தொடர்பை இர்விங் ஃபிஷரின் சமன்பாடு தருகிறது. ஒன்றோடு உண்மை வீதத்தைக் கூட்டியதை, ஒன்றோடு பணவீக்க வீதத்தைக் கூட்டியதால் பெருக்கினால், ஒன்றோடு பண வீதத்தைக் கூட்டியது கிடைக்கும். இப்பத்திரத்தின் பத்தாண்டுக்கால விகிதம் 1.27285 என்பது ஆண்டுக்குச் சராசரியாக 2.44 விழுக்காடு பணவீக்கத்தைக் குறிக்கும். ஏல ஈட்டமாகிய 3.449 விழுக்காட்டோடு இதனைப் பெருக்கல் முறையில் இணைத்தால் பண அடிப்படையிலான ஈட்டம் ஏறத்தாழ 5.97 விழுக்காடு. 1997 ஜனவரியில் வழக்கமான பத்தாண்டுப் பத்திரமோ 6.5 விழுக்காட்டை ஒட்டிய ஈட்டத்தை அளித்துக்கொண்டிருந்தது.

இரண்டு பத்திரங்களும் சமமாக அமையத் தேவையான பணவீக்கத்தைச் சமநிலைப் பணவீக்கம் என்பர். இங்கு அது ஆண்டுக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு. உண்மையில் நிகழ்ந்தது 2.44 விழுக்காடு. ஆகவே வழக்கமான பத்திரத்தை வாங்கியவரே அதிகம் பெற்றார். இதனைக் கொண்டு பணவீக்கம் சார்ந்த பத்திரம் தோற்றுவிட்டது என்று கூறுவது, பத்தாண்டுகள் நோயின்றி வாழ்ந்தவர் மருத்துவக் காப்பீட்டில் ஏமாந்தார் என்று கூறுவதை ஒக்கும். வழக்கமான பத்திரத்தின் கூடுதல் ஈட்டத்தில், எதிர்பாராத விலையேற்றத்தைத் தாங்கிக்கொள்வதற்கான கூலியும் அடங்கியிருந்தது. அவ்விலையேற்றம் அப்பத்தாண்டுகளில் நிகழவில்லை, அவ்வளவே.

மூன்று மாத இடைவெளி

நாளுக்குரிய குறியீட்டெண் மூன்று மாதம் பின்தங்கியே செல்வது ஒரு நிருவாகத் தேவையால் விளைந்தது. நவம்பர் மாதக் குறியீட்டெண்ணைத் தொழிலாளர் புள்ளியியல் பணியகம் டிசம்பர் நடுவில் வெளியிடுகிறது. அவ்வெண் பிப்ரவரி 1க்கு உரியதாவதால், ஜனவரி முழுமைக்குமான நாள் எண்கள் ஜனவரி பிறக்கும் முன்னரே அனைவருக்கும் தெரிந்துவிடுகின்றன. சந்தையில் பத்திரம் கைமாறும்போது எவ்வளவு அசலுக்கு விலை பேசப்படுகிறது என்பதில் ஐயம் எழுவதில்லை. பிரிட்டனின் தொடக்ககாலப் பத்திரங்களில் இவ்விடைவெளி எட்டு மாதங்கள். அடுத்த அரையாண்டு வட்டி எவ்வளவு என்பது அவ்வட்டிக்காலம் தொடங்கும் முன்னரே பண அளவில் தெரிந்திருக்க வேண்டும் என்று அங்குக் கருதப்பட்டதே காரணம். 2005ஆம் ஆண்டு முதல் அந்நாடும் புதிய வெளியீடுகளுக்கு மூன்று மாத இடைவெளிக்கு மாறியது.

இவ்விடைவெளியால் 1997 ஜனவரி முதல் 2007 ஜனவரி வரை உயிரோடிருந்த பத்திரம் உண்மையில் ஈடுசெய்தது, 1996 இலையுதிர்காலம் முதல் 2006 இலையுதிர்காலம் வரையிலான விலையேற்றத்தையே. கடைசி மூன்று மாதங்களில் விலை எவ்வளவு ஏறினாலும் அதற்கு ஈடில்லை; மாறாக, பத்திரம் பிறப்பதற்கு முன் நிகழ்ந்த மூன்று மாத விலையேற்றம் ஈடு பெறுகிறது. பத்தாண்டுப் பத்திரத்தில் இது சிறு குறை. முதிர்வுக்குச் சில மாதங்களே எஞ்சியுள்ள பத்திரத்தில் இதுவே முதன்மையானது: அந்நிலையில் அதனைப் பணவீக்கத்திற்கு எதிரான காப்பு என்று அழைப்பதே பொருந்தாது.

இடைவெளியின் விளைவை 2006ஆம் ஆண்டின் தொடக்கம் நன்கு காட்டுகிறது. 2005ஆம் ஆண்டுப் பெரும்புயல்களை ஒட்டிப் பெட்ரோல் விலை ஏறிப் பின் இறங்கியதால், அவ்வாண்டு அக்டோபரில் 199.2ஆக இருந்த குறியீட்டெண் டிசம்பரில் 196.8ஆகக் குறைந்தது. இக்குறைவு பத்திரத்தில் பதிவானது 2006ஆம் ஆண்டில்தான். ஜனவரி 15 அன்று 1,252.73 டாலராக இருந்த திருத்திய அசல் மார்ச் 1 அன்று 1,242.15 டாலராக இறங்கியது. ஆறு வாரத்தில் குறைந்த 10.58 டாலர், ஓர் அரையாண்டு வட்டியில் பாதிக்குச் சமம். எனினும் அச்செய்தி சந்தைக்கு முன்பே தெரியும். விற்பனை விலை அதனை ஏற்கெனவே உள்வாங்கியிருக்கும். குறியீட்டு விகிதத்தின் வரைபடத்தை மட்டும் பார்த்து முதலீட்டாளர் அடைந்த இலாப நட்டத்தை முடிவு செய்யும் ஆய்வுகள் இங்கேதான் தடுமாறுகின்றன.

விலை வீழும்போது: தரைமட்ட உறுதி

குறியீட்டெண் ஏறினால் அசல் ஏறும், இறங்கினால் இறங்கும். ஆனால் அமெரிக்கப் பத்திரங்களில் ஒரு தரைமட்ட உறுதி உண்டு. முதிர்வில் திருத்திய அசல், முகமதிப்பு ஆகிய இரண்டில் எது அதிகமோ அது வழங்கப்படும். இவ்வுறுதி எங்கு உண்டு, எங்கு இல்லை என்பதில் குழப்பம் நேர்வதுண்டு. 2008ஆம் ஆண்டு நிகழ்வுகள் அதனைத் தெளிவாக்குகின்றன.

2008 ஜூலையில் 219.964ஆக இருந்த குறியீட்டெண் டிசம்பரில் 210.228ஆக வீழ்ந்தது. ஐந்து மாதங்களில் 4.4 விழுக்காடு சரிவு. அவ்வாண்டு ஜூலை 15 நாளிட்டு, 1.375 விழுக்காடு உண்மை வட்டியுடன் வெளியான பத்தாண்டுப் பத்திரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரல் எண் 214.823, மே எண் 216.632, ஆகவே அடிப்படைக் குறியீட்டெண் 215.63997. அதன் முதல் வட்டி நாளாகிய 2009 ஜனவரி 15க்குரிய எண் 214.69971. விகிதம் 0.99564. 1,000 டாலர் அசல் 995.64 டாலராகியது, அரையாண்டு வட்டியும் 6.88 டாலருக்குப் பதிலாக 6.85 டாலராகக் குறைந்தது. மார்ச் 1 அன்று அசல் 974.90 டாலருக்கு இறங்கிற்று.

இங்குக் கருதத்தக்கவை இரண்டு. ஒன்று, வட்டிக்குத் தரைமட்ட உறுதி கிடையாது. குறைந்த அசலின்மீதே வட்டி கணக்கிடப்பட்டது. மற்றொன்று, அசலுக்கான உறுதியும் முதிர்வு நாளில் மட்டுமே செயல்படும். 2009 மார்ச்சில் விற்பவருக்கு 1,000 டாலர் தர எவரும் கடமைப்பட்டவர் அல்லர். பின்னர் விலைகள் மீண்டு, 2018 ஜூலையில் அப்பத்திரம் 1.16405 என்னும் விகிதத்தில் முதிர்ந்தது. உறுதி பயன்படுத்தப்படாமலேயே கழிந்தது.

அதே ஜனவரி 15 அன்று முதிர்ந்த மற்றொரு பத்திரத்தோடு இதனை ஒப்பிடுவது பயனுடையது. 1999ஆம் ஆண்டு வெளியான அதன் அடிப்படைக் குறியீட்டெண் 164. அன்றைய விகிதம் 1.30914. பத்தாண்டு விலையேற்றத்தால் அதன் அசல் 1,309.14 டாலராக உயர்ந்திருந்தது. விலைமட்டம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வீழ்ந்தால்தான் அப்பத்திரத்திற்குத் தரைமட்ட உறுதி உதவும். அதாவது உறுதி காப்பது முகமதிப்பை மட்டுமே. இடையில் ஏறிச் சேர்ந்த 309 டாலரை அது காப்பதில்லை. ஒரே அரசு வெளியிட்டு, ஒரே காலத்தில் முதிரும் இரண்டு பத்திரங்களில், புதிய பத்திரத்தின் உறுதி மதிப்புடையது. பழைய பத்திரத்தினுடையது ஏறக்குறைய வெறும் எழுத்து. 2008ஆம் ஆண்டின் இறுதியில், முதிர்வு நெருங்கியிருந்தும் இத்தகைய பத்திரங்களின் ஈட்டங்கள் வேறுபட்டதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம், நெருக்கடியில் இவற்றை வாங்க ஆளில்லாமல் போனது. அந்நாள்களில் ஐந்தாண்டுச் சமநிலைப் பணவீக்கம் எதிர்மறையாகவே இருந்தது. அதனை மக்கள் எதிர்பார்த்த பணவீக்கம் என்று அப்படியே எடுத்துக்கொள்வது தவறு. அதில் விற்பனைச் சிக்கலின் விலையும் கலந்திருந்தது.

எந்தக் குறியீட்டெண்: இந்திய அனுபவம்

இதுவரை கண்டவற்றில் குறியீட்டெண் எது என்னும் வினா எழவில்லை. அமெரிக்கப் பத்திரம் நுகர்வோர் செலவை அளக்கும் எண்ணோடு பிணைக்கப்பட்டிருந்தது. கணக்கீட்டு முறை முழுவதும் சரியாக அமைந்தும் எண் பொருந்தாவிடில் என்ன நேரும் என்பதற்கு இந்தியாவின் 2013ஆம் ஆண்டு வெளியீடு சான்று.

இந்தியா 1997 டிசம்பரிலேயே ஒரு முயற்சியை மேற்கொண்டது. மூலதனக் குறியீட்டுப் பத்திரம் என்னும் அவ்வெளியீட்டில் அசல் மட்டுமே முதிர்வில் விலைமட்டத்திற்கேற்பத் திருத்தப்பட்டது. 6 விழுக்காடு வட்டி திருத்தப்படாத முகமதிப்பின்மீதே வழங்கப்பட்டது. மேலே கூறிய வகுத்தல் சோதனையில் அது தேறாது: அசல் உண்மை மதிப்பைக் காத்துக்கொள்ள, வட்டி ஆண்டுதோறும் தேய்ந்தது. 2013 ஜூன் மாதத்தில் இந்திய ரிசர்வ் வங்கி ஏலம் விட்ட பத்தாண்டுப் பத்திரம் இக்குறையைக் களைந்தது. அசலும் வட்டியும் இரண்டுமே திருத்தத்திற்கு உட்பட்டன. முதிர்வில் முகமதிப்புக்குக் குறையாமல் வழங்கும் உறுதியும் இருந்தது. ஏலத்தில் அமைந்த உண்மை வட்டி 1.44 விழுக்காடு.

ஆனால் அசல் பிணைக்கப்பட்டது மொத்த விலைக் குறியீட்டெண்ணோடு. அதற்குக் காரணம் இருந்தது. ஊரகமும் நகர்ப்புறமும் இணைந்த நுகர்வோர் விலைக் குறியீட்டெண் 2011ஆம் ஆண்டிலிருந்துதான் வெளிவரத் தொடங்கியிருந்தது. நாட்டின் பணவீக்கம் என்றாலே அன்று மொத்த விலை வீதமே பேசப்பட்டது. மொத்த விலை எண் முதலில் தற்காலிகமாக வெளியாகிப் பின்னர் இறுதி செய்யப்படுவதால், இறுதி எண்ணையே கொள்ளும் பொருட்டு நான்கு மாத இடைவெளி வைக்கப்பட்டது.

2004-05ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட மொத்த விலைக் குறியீட்டெண்ணில் தொழிற்சாலைப் பொருள்களின் எடை 65 விழுக்காடு. எரிபொருள், மின்சாரம் 15. உணவுத் தானியம் முதலிய முதன்மைப் பொருள்கள் 20. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, பேருந்துக் கட்டணம் ஆகியவற்றுக்கு அதில் இடமே இல்லை. எண்ணெய் விலை உலகச் சந்தையில் சரிந்தபோது இவ்வேறுபாடு வெளிப்பட்டது. அவ்வெண்ணின் ஆண்டுச் சராசரி 2014-15இல் 181.2, 2015-16இல் 176.7. இரண்டரை விழுக்காடு வீழ்ச்சி. அதே 2015-16இல் நுகர்வோர் விலைகள் 4.9 விழுக்காடு உயர்ந்தன.

இடைவெளியைக் கருதாமல் ஆண்டுச் சராசரிகளை மட்டும் கொண்டு ஒரு தோராயக் கணக்குப் போடலாம். ஆண்டின் தொடக்கத்தில் 1,000 ரூபாயாக இருந்த திருத்திய அசல் 975 ரூபாயாகிறது. வட்டி 14 ரூபாய். மொத்தம் 989 ரூபாய். முந்தைய ஆண்டில் 1,000 ரூபாய்க்குக் கிடைத்த குடும்பச் செலவுப் பொருள்களை வாங்க இப்போது 1,049 ரூபாய் வேண்டும். பணவீக்கத்திலிருந்து காக்கும் பத்திரத்தை வைத்திருந்தவருக்கு ஓராண்டில் 60 ரூபாய் பற்றாக்குறை. ஒப்பந்தம் எவ்விதத்திலும் மீறப்படவில்லை. விகிதமும் வட்டியும் விதிப்படியே கணக்கிடப்பட்டன. மொத்த விலை எண்ணால் அளந்தால் அவர் தன் 1.44 விழுக்காட்டை முழுமையாகவே பெற்றார். அவருடைய வாழ்க்கை அந்த எண்ணின்படி நடைபெறவில்லை என்பதே சிக்கல்.

2013 டிசம்பரில் சிறு முதலீட்டாளர்களுக்கென வெளியான சேமிப்புப் பத்திரம் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணோடு பிணைக்கப்பட்டது. 2014 ஜனவரியில் உர்ஜித் படேல் குழுவும் பணக்கொள்கைக்கு அவ்வெண்ணையே அடிப்படையாகக் கொள்ளப் பரிந்துரைத்தது. முந்தைய பத்திரத்தின் எண்ணை மட்டும் இடையில் மாற்ற வழியில்லை. அது விற்கப்பட்டுவிட்ட ஒப்பந்தம்.

அடிப்படை ஆண்டு மாற்றம்

எண்ணின் பெயர் மாறாவிடினும் எண் மாறக்கூடும். 2017 மே மாதத்தில் மொத்த விலைக் குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டு 2011-12ஆக மாற்றப்பட்டது. அடிப்படை மாறினால் பழைய தொடரோடு புதியதை இணைத்துக் கணக்கிடுவது என்பது பத்திரத்தின் விதிகளிலேயே கூறப்பட்டிருந்தது. எளிமையான நடைமுறை போலத் தோன்றும் இதிலும் ஒரு நுட்பம் உண்டு.

புதிய தொடருக்கான இணைப்புக் காரணி 1.561. பழைய தொடரில் 2011-12இன் சராசரி 156.1 என்பதே அதன் பொருள். புதிய தொடரில் 2015-16இன் சராசரி 109.7. இதனை 1.561ஆல் பெருக்கினால் 171.2 கிடைக்கிறது. அதே ஆண்டுக்குப் பழைய தொடர் கூறியதோ 176.7. பொருள் பட்டியலும் எடைகளும் மாறியதாலும், மறைமுக வரிகள் புதிய தொடரில் சேர்க்கப்படாததாலும் இரண்டு தொடர்களும் 2011-12க்குப் பின் வெவ்வேறு பாதையில் சென்றிருந்தன. அடிப்படை ஆண்டில் இணைப்பதா, மாற்றம் நிகழ்ந்த மாதத்தில் இணைப்பதா என்பதைப் பொறுத்து அசலில் ஏறத்தாழ 3 விழுக்காடு வேறுபாடு விளையும். பத்திரத்தின் இரண்டாண்டு உண்மை வட்டியைவிட இது மிகுதி. பணவீக்கம் சார்ந்த பத்திரங்களை ஆராய்பவர் வட்டி வீதத்தையும் முதிர்வையும் பார்ப்பதற்கு முன், வெளியீட்டு அறிவிப்பில் இணைப்பு முறை எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதையே முதலில் படிக்க வேண்டும்.